தோண்டுவதா, கலுங்கை உயர்த்துவதா, வண்டலை அள்ளவிடுவதா? தூர்ந்த கண்மாய்க்கு மூன்று வழிகள்

ராமநாதபுரம் மாவட்டத்துத் தேவிபட்டினம், திருப்பாலைக்குடி, ஆர்.எஸ். மங்கலம் பக்கத்துக் கண்மாய்ப் பாசனக்காரர்கள் கோடை வந்தால் கேட்கிற கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான். மழை நன்றாகப் பெய்து கண்மாய் நிறைந்து மறுகாலும் போகிறது, ஆனால் தை பிறப்பதற்குள் தண்ணீர் வற்றிப்போகிறது, நெல் பால்பிடிக்கும் நேரத்தில் வயலுக்குத் தண்ணீர் விடும் மடையில் சொட்டுத் தண்ணீர் இல்லை. கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது. தண்ணீர் நிற்கும் உள்வாயை எந்திரம் விட்டுத் தோண்டலாமா, நிறைந்த தண்ணீர் வழிந்து வெளியேறும் கலுங்கை ஓர் அடி உயர்த்தலாமா, இல்லை வண்டல் மண்ணை விவசாயிகளே டிராக்டரில் அள்ளிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடலாமா?

மூன்றிலுமே கொள்ளளவு கூடும். ஆனால் கூடுகிற தண்ணீர் எல்லாம் வயலுக்குப் போகுமா என்பது வேறு கேள்வி. அதற்குப் பதில் தெரிய, தூர் எங்கே, ஏன் படிகிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும்.

## தூர் எங்கே படிகிறது

ஓடுகிற தண்ணீர் மண்ணைச் சுமக்கும், நின்ற தண்ணீர் போட்டுவிடும். வரத்துக் கால்வாய் 3 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்வோம். ஐப்பசி மழையில் தண்ணீர் வினாடிக்கு 60 சென்டிமீட்டர் வேகத்தில் வருகிறது. அதே தண்ணீர் 400 மீட்டர் அகலமுள்ள உள்வாயில் 1 மீட்டர் ஆழத்துக்குப் பரவும்போது வேகம் வினாடிக்கு அரை சென்டிமீட்டர்கூட இருக்காது. அதாவது நூறு மடங்குக்கு மேல் வேகம் குறைந்துவிடுகிறது. மண் துகள்களைத் தூக்கி வைத்திருந்த கொந்தளிப்பு அங்கேயே அடங்கிவிடும்.

அடங்கியதும் எல்லாத் துகளும் ஒரே நேரத்தில் விழுவதில்லை. துகளின் விட்டம் பத்தில் ஒரு பங்கானால் அது இறங்கும் வேகம் நூறில் ஒரு பங்காகும். 0.2 மில்லிமீட்டர் மணல் ஒரு மீட்டர் ஆழத்தை ஒரு நிமிடத்துக்குள் கடந்து தரைக்கு வந்துவிடும். 0.02 மில்லிமீட்டர் வண்டல் துகளுக்கு முக்கால் மணி நேரம் வேண்டும். 0.002 மில்லிமீட்டர் களித் துகளுக்கு மூன்று நாள் ஆகும். தண்ணீர் கால்வாய் வாயிலிருந்து 500 மீட்டர் தள்ளியிருக்கிற கரைக்கு வந்துசேர ஒன்றேகால் நாள் பிடிக்கும் என்றால், அந்தக் களி இன்னும் மிதந்துகொண்டே கரைக்கு வந்து, மடையைச் சுற்றித்தான் இறங்கும்.

ஆகவே ஒரே கண்மாய்க்குள் மூன்று வகைத் தூர் இருக்கிறது. வரத்துக் கால்வாய் வாயில் விசிறிபோல் மணல் மேடு, நடுவில் வண்டல், கரையோரமும் மடைப் பள்ளத்திலும் கருத்த களி. உள்வாயில் சீமைக் கருவேலம் அடர்ந்திருந்தால் தண்ணீர் அதற்குள் புகுந்ததுமே வேகம் இழந்து மண்ணை முன்கூட்டியே போட்டுவிடும். வாய்ப்பகுதி மேடு வேகமாக வளர்வது அதனால்தான்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு கண்ணாடிப் பாட்டில் போதும். மடைப் பள்ளத்து மண்ணில் ஒரு கைப்பிடி போட்டு, மழைநீர் ஊற்றிக் குலுக்கி, நிழலில் வையுங்கள். அடியில் மணல் நொடியில் உட்காரும், அதன்மேல் வண்டல் அன்றைக்கே படியும். மேலே மட்டும் தண்ணீர் நாள்கணக்கில் காபி நிறத்திலேயே நிற்கும். நம் கடலோரக் களர் மண்ணில் சோடியம் ஏறியிருப்பதால் களித் துகள்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியே மிதக்கின்றன. அதில் ஒரு சிட்டிகை ஜிப்சம் போட்டுக் கலக்கிப் பாருங்கள். துகள்கள் திரிந்து பஞ்சுபோல் திரண்டு கீழே இறங்கும்.

பாண்டிய நாட்டுக் குமிழி மடைகளில் சேற்றை வெளியேற்றச் சேறோடித் துளை வைத்தார்களே, தூர் அதிலேயே போய்விடாதா என்று கேட்பவர்கள் உண்டு. துளையைச் சுற்றிச் சில மீட்டர் தூரத்துக்குத்தான் தண்ணீர் சேற்றை இழுக்கும் வேகத்தில் ஓடும். மடைப் பள்ளத்தை அது திறந்து வைத்திருக்கும். ஐம்பது ஏக்கர் உள்வாயில் படிந்ததை அதனால் இழுக்க முடியாது.

## எதை வைத்து முடிவெடுப்பது

மூன்று அளவுகோல் போதும். முதலாவது, கூடுகிற தண்ணீரில் எவ்வளவு மடையின் அடிமட்டத்துக்கு மேலே நிற்கும் என்பது. பாசனத்துக்குப் பயன்படுவது மடை அடிமட்டத்துக்கும் கலுங்கு மட்டத்துக்கும் இடையில் நிற்கிற தண்ணீர் மட்டும்தான். அதற்குக் கீழே நிற்பது மாட்டுக்கும் மீனுக்கும் உதவும், வயலுக்கு ஏறாது. இரண்டாவது, அந்த வழி உப்பைக் கிளப்புமா என்பது. கடலோரத்தில் இதைப் பார்க்காமல் எதையும் தொடக் கூடாது. மூன்றாவது செலவு, அதிலும் எஸ்டிமேட்டில் வராத செலவு.

இந்த மூன்றுக்கும் விடை வேண்டுமானால் வைகாசியில், கண்மாய் காய்ந்து கிடக்கும்போது, இரண்டு வேலை செய்துவிட வேண்டும். கொத்தனார் வைத்திருக்கும் ட்யூப் லெவலால் மடை அடிமட்டம், கலுங்கு மட்டம், உள்வாய் மட்டம் ஆகியவற்றைக் கரையிலிருந்து வரத்துக் கால்வாய் வரை சில வரிசைகளில் எடுத்துக் குறித்துக்கொள்வது ஒன்று. அந்த வரிசைகளில் இடுப்பளவுக் குழிகள் தோண்டிப் பார்ப்பது மற்றொன்று.

குழிச் சுவரை ஈரம் காய்வதற்குள் பார்த்தால் தூர் தனியாகத் தெரியும். அது மெல்லிய ஏடுகளாக அடுக்கியிருக்கும், நத்தை ஓடும் அழுகிய கோரை வேரும் கலந்திருக்கும், கடப்பாரை சுலபமாக இறங்கும். பழைய தரையில் சுண்ணாம்புக் கட்டியான சுக்கான் தட்டுப்படும், கடப்பாரை எகிறும். அந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். குழியில் தண்ணீர் ஊறினால் நாக்கில் வைத்துப் பாருங்கள். உவர்த்தால் அங்கே அந்த ஆழத்துக்கு எந்திரம் இறங்கக் கூடாது.

இனி ஒரு கணக்குக் கண்மாயை எடுத்துக்கொள்வோம். நீர்பரப்பு 20 ஹெக்டேர், அதாவது 50 ஏக்கர். ஆயக்கட்டு 100 ஏக்கருக்குள், எனவே ஊராட்சி ஒன்றியத்துக் கண்மாய் (40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு இருந்தால் அது நீர்வளத் துறைக் கண்மாய்). தூர் இல்லாதபோது சராசரி ஆழம் 1.2 மீட்டர், கொள்ளளவு 2,40,000 கன மீட்டர். இப்போது சராசரியாக 30 சென்டிமீட்டர் தூர், அதாவது 60,000 கன மீட்டர்.

கால்வாசிதானே போயிருக்கிறது என்று தோன்றும். ஆனால் தூர் கலுங்கைக் கீழே இறக்கவில்லை, தரையைத்தான் மேலே ஏற்றியிருக்கிறது. நீர்பரப்பு அதே 50 ஏக்கர்தான், அதனால் வெயில் குடிக்கிற தண்ணீரும் அதே அளவுதான். கண்மாய் நிறைந்ததிலிருந்து மூன்று மாதத்தில் நாளுக்கு 4 மில்லிமீட்டர் ஆவியானால் 36 சென்டிமீட்டர் போய்விடும். முன்பு 120-இல் 36 போனாலும் 84 சென்டிமீட்டர் மிஞ்சியது. இப்போது 90-இல் 36 போக 54 மிஞ்சுகிறது. வயலுக்கு வரும் பங்கில் மூன்றில் ஒன்றுக்கு மேல் குறைந்துவிட்டது. கண்மாய் நிறைந்தும் பயிர் காய்கிறதே என்ற ஆதங்கத்துக்கு இதுதான் காரணம். தூர் எடுத்தால் பரப்பு கூடாமல் ஆழம் மட்டும் கூடுவதால், திரும்பக் கிடைக்கிற 30 சென்டிமீட்டரை வெயில் கூடுதலாகத் தொடுவதில்லை.

## முதல் வழி: உள்வாயை எந்திரத்தால் தோண்டுவது

60,000 கன மீட்டர் என்றால், நூறு கன அடி ஒரு யூனிட் என்ற லாரிக்காரர் கணக்கில் சுமார் 21,000 யூனிட். வெட்டிய மண் பொதுபொதுவென்று கால் பங்கு பெருகும் என்பதால் ஏற்றும்போது 26,000 யூனிட்டைத் தாண்டும். வெட்டி, ஏற்றி, இறக்க யூனிட்டுக்கு 150 ரூபாய் என்று குறைவாக வைத்தாலும் 39 லட்சம். ஓர் ஊர்க் கண்மாய்க்கு இது பெரிய தொகை. அதனால்தான் பெரும்பாலும் பாதியில் நிற்கிறது, அல்லது வேறு மாதிரி முடிகிறது.

அந்த வேறு மாதிரி என்னவென்று சொல்ல வேண்டும். மண்ணைத் தூக்கிக்கொண்டு 50 ஏக்கரும் சுற்றுவதைவிட ஒரே இடத்தில் ஆழமாக எடுப்பது ஒப்பந்தக்காரருக்கு லாபம். கரைக்குப் பக்கத்தில் 6 ஹெக்டேரில் 1 மீட்டர் ஆழம் எடுத்தால் பில்லில் அதே 60,000 கன மீட்டர் வந்துவிடும். அங்கே மடை அடிமட்டத்துக்கு மேல் இருந்த தூர் அரை மீட்டர்தான் என்றால், கீழே எடுத்த அரை மீட்டரில் நிற்கும் 30,000 கன மீட்டர் தண்ணீர் மடைக்கு ஏறாது. பணத்தில் பாதி மாட்டுக் குட்டைக்குப் போனது. ஊருக்குக் குட்டையும் வேண்டும்தான், ஆனால் பாசனக் கணக்கில் அதைக் காட்டக் கூடாது.

மறைந்த செலவு இன்னொன்று உண்டு, பெரியது. கண்மாய்த் தரையில் படிந்த களிதான் தண்ணீரைக் கீழே இறங்கவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது. கடற்கரைக்குப் பக்கத்தில் அந்தக் களிக்குக் கீழே மணல், மணலுக்குள் உவர் நீர். எந்திரம் களியைக் கிழித்துவிட்டால் மழைக்காலத்தில் நல்ல தண்ணீர் கீழே போகும், கோடையில் உப்பு மேலே வந்து குழியில் பூக்கும். அடுத்த மழையின் முதல் தண்ணீர் அந்த உப்பைக் கரைத்துக்கொண்டுதான் மடைக்கு வரும். கசிகிறதா என்பதை அளவுகோல் நட்டே கண்டுபிடிக்கலாம். மழையில்லாத, மடை அடைத்திருக்கிற ஒரு வாரத்தில் மட்டம் நாளுக்கு அரை சென்டிமீட்டர் இறங்கினால் அது வெயில். ஒன்றரை சென்டிமீட்டர் இறங்கினால் தரையில் ஓட்டை விழுந்திருக்கிறது.

வெட்டிய மண்ணைக் கரைமேல் கொட்டிவைப்பதும் வழக்கமாகிவிட்டது. தண்ணீர் தெளித்து உருளை விட்டு இறுக்காமல் கொட்டிய வண்டல் முதல் பெருமழையிலேயே கரைந்து உள்வாய்க்குத் திரும்பிவிடும். அதோடு கரை அடிவாரத்திலிருந்து பத்து மீட்டராவது விட்டுத்தான் வெட்ட வேண்டும். இல்லையென்றால் கண்மாய் நிறையும்போது கரை உள்ளே சரியும்.

இந்த வழி எப்போது சரி? குழி பார்த்ததில் தூர் பரவலாக அரை மீட்டருக்கு மேல் இருந்து, அது மடை அடிமட்டத்துக்கு மேலேயும் இருந்து, பழைய தரைக்குக் கீழே உவர் ஊற்று இல்லை என்று தெரிந்தால் சரி. கடலிலிருந்து தள்ளி, பரமக்குடி, முதுகுளத்தூர் பக்கத்துக் கரிசல் தரைக் கண்மாய்களுக்கு இது பெரும்பாலும் பொருந்தும். கடலோரத்துக் கடைசிக் கண்மாய்களுக்கு அரிதாகத்தான் பொருந்தும்.

## இரண்டாவது வழி: கலுங்கை உயர்த்துவது

காகிதத்தில் இதைவிட மலிவான வழி இல்லை. கலுங்கை 30 சென்டிமீட்டர் உயர்த்தினால் 60,000 கன மீட்டருக்குச் சற்று மேலேயே கிடைக்கும். வெள்ள மட்டமும் 30 சென்டிமீட்டர் ஏறும் என்பதால் கரையையும் முழு நீளத்துக்கு அதே அளவு உயர்த்த வேண்டும். 600 மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் உயரம், 2 மீட்டர் தலை அகலம், இருபுறமும் 1-க்கு 2 சரிவு உள்ள கரைக்கு ஏறக்குறைய 2,300 கன மீட்டர் மண் போதும். 60,000 கன மீட்டரை வெட்டுவதோடு ஒப்பிட்டால் இருபத்தைந்தில் ஒரு பங்குகூட இல்லை. கூடுகிற தண்ணீர் முழுவதும் மடைக்கு மேலே நிற்கும். தரையைத் தொடுவதே இல்லை, அதனால் களியும் கிழியாது.

சிக்கல் மேற்புறத்தில் இருக்கிறது. உள்வாய் 500 மீட்டருக்கு 1 மீட்டர் என்று சரிந்திருந்தால், மட்டம் 30 சென்டிமீட்டர் ஏறும்போது தண்ணீர் 150 மீட்டர் பின்னோக்கிப் போகும். 400 மீட்டர் அகலத்துக்கு அது 15 ஏக்கர். அது புறம்போக்கா, பட்டா நிலமா? நம் கண்மாய்கள் சங்கிலியாக அமைந்தவை. மேல் கண்மாயின் மறுகால்தான் கீழ்க் கண்மாயின் வரத்து. நம் மட்டம் ஏறினால் மேல் கண்மாயின் மறுகால் வடியாமல் அவர்களுடைய கடைமடை வயல் மூழ்கும். கலுங்கை ஒரு சாண் ஏற்றியதற்காக ஊருக்கு ஊர் வழக்காடிய கதை இந்த மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரியும். அந்தக் கூடுதல் 15 ஏக்கர் மெல்லிய தண்ணீர்ப் பரப்பில்தான் வெயிலும் அதிகம் குடிக்கும். அது களர் பூத்த நிலமாக இருந்தால் உப்பும் கரைந்து உள்ளே வரும்.

மண்ணைப் பொறுத்தவரையும் எச்சரிக்கை வேண்டும். மடைப் பள்ளத்துக் களியை மட்டும் கரைக்குப் போட்டால் பங்குனி வெயிலில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு விடும். சரளையும் மணலும் கலந்த மண் வெளியிலிருந்து வர வேண்டும்.

அந்தக் காலத்தில் கலுங்கின்மேல் நட்ட கற்களுக்கிடையே, மழை ஓயும் சமயம் பார்த்து, மண்ணும் கோரையும் வைத்து அடைத்துக் கடைசித் தண்ணீரைப் பிடித்தார்கள். பெருவெள்ளம் முடிந்த பிறகு அடைப்பதால் கரைக்கும் ஆபத்தில்லை, மேல் கண்மாய் ஊருக்கும் நெடுநாள் தொல்லை இல்லை. கற்கள் இன்னும் இருக்கிற கலுங்குகளில் நிரந்தரமாகச் சிமெண்ட் பூசி உயர்த்துவதைவிட இது எனக்கு நல்ல வழியாகத் தெரிகிறது. ஆனால் மழை ஓய்ந்ததா இல்லையா என்று பார்த்து அடைக்கவும், புயல் சின்னம் வந்தால் இரவோடிரவாகப் பிடுங்கவும் பொறுப்பான நீர்ப்பாய்ச்சி ஒருவர் ஊரில் இருக்க வேண்டும்.

குழியில் இரண்டடியிலேயே உவர் ஊறுகிறது, மேற்புறம் புறம்போக்கு, கரை பலமானது என்றால் கலுங்கு வழிதான் சரி. துறையின் எழுத்துபூர்வ அனுமதியும் மேல் கண்மாய் ஊரின் சம்மதமும் இல்லாமல் கல்லை நகர்த்தவே கூடாது.

## மூன்றாவது வழி: விவசாயிகள் வண்டல் அள்ளிக்கொள்வது

தமிழ்நாட்டில் விவசாயிகள் கண்மாய் வண்டலை அனுமதி பெற்று இலவசமாக எடுக்கலாம். ஏக்கருக்கு நன்செய்க்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90 கன மீட்டர் என்பது அரசு வகுத்த அளவு. விண்ணப்பிக்கும்போது நடப்பு விதியைத் தாலுகா அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

75 கன மீட்டர் என்பது சுமார் 25 டிராக்டர் நடை. ஒரு ஏக்கரில் பரப்பினால் இரண்டு சென்டிமீட்டர் கனம்கூட வராது. ஆயக்கட்டு 100 ஏக்கரும் எடுத்தால் 7,500 கன மீட்டர், அதாவது மொத்தத் தூரில் எட்டில் ஒரு பங்கு. பத்து டிராக்டர் நாளுக்குப் பதினைந்து நடை ஓட்டினால் பதினேழு நாளில் முடியும்.

எட்டில் ஒரு பங்குதானா என்று தள்ளிவிட வேண்டாம். எங்கே எடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கரையோரத்திலிருந்து மடையை நோக்கிச் சரிவாக இரண்டரை ஹெக்டேர் பட்டை ஒன்றைக் குச்சி நட்டுக் குறித்து, அதில் மட்டும் 30 சென்டிமீட்டர் எடுத்தால் அதே 7,500 கன மீட்டர் வருகிறது. மூடிக் கிடந்த மடைப் பள்ளம் திறக்கும், உள்வாயில் தேங்கி நின்று மடைக்கு வராத கடைசித் தண்ணீருக்கும் வழி கிடைக்கும். நெல் பால்பிடிக்கும்போது வேண்டிய அந்த ஒரு நனைப்பை இது காப்பாற்றும்.

வயலுக்கும் லாபம் உண்டு. கடலோரத்து மணற்பாங்கான நிலத்தில் குண்டு மிளகாய் போடுகிறவர்களுக்கு இந்தக் களி ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஏற்கெனவே களிமண் வயலாக இருந்தால் பயன் குறைவு. களர்த் தூராக இருந்தால் தீங்கே வரும். அதனால் அள்ளுவதற்கு முன் மண் பரிசோதனை நிலையத்துக்குக் கொடுத்து, கார அமில நிலை 8.5-க்கும், மின் கடத்துத்திறன் மீட்டருக்கு 4 டெசிசீமனுக்கும் கீழே இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கெடுவது எங்கே என்றால், குச்சி நடாமல் விடும்போது. அவரவர் வண்டிப் பாதைக்குப் பக்கத்தில், நல்ல களி இருக்கிற இடத்தில், குழி குழியாக எடுப்பார்கள். பிறகு ஒவ்வொரு குழியும் தனிக் குட்டையாகித் தண்ணீரை மடைக்கு விடாமல் வைத்துக்கொள்ளும். வரத்து வாயில் இருக்கிற மணல் மேட்டை யாரும் தொட மாட்டார்கள், வயலுக்கு அது வேண்டாம். அதை ஊர்ப்பொதுச் செலவில் எடுத்தே ஆக வேண்டும்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | எந்திரத் தோண்டல் | கலுங்கு உயர்த்தல் | வண்டல் அள்ளுதல் |
|---|---|---|---|
| கூடும் அளவு | 60,000 கன மீட்டர் வரை | 60,000-க்குச் சற்று மேல் | ஒரு முறைக்கு 7,500 |
| அதில் மடைக்கு ஏறுவது | ஆழத்தைப் பொறுத்து முழுதும் அல்லது பாதி | முழுதும் | பட்டை குறித்தால் முழுதும் |
| உப்பு ஆபத்து | களி கிழிந்தால் அதிகம் | மேற்புறம் களர் என்றால் உண்டு | ஆழம் குறைவு என்பதால் கண்மாய்க்குக் குறைவு |
| மறைந்த செலவு | மண்ணைக் கொண்டுபோகும் இடம், கசிவு | கரை, மேல் கண்மாய் ஊரோடு வழக்கு | மேற்பார்வை, மணல் மேடு |
| ஏற்ற இடம் | கடலிலிருந்து தள்ளிய கரிசல் தரை | அடியில் உவர், மேலே புறம்போக்கு | மணற்பாங்கு வயல் உள்ள ஊர் |

நம் கணக்குக் கண்மாய் கடலோரத்தில், மேற்புறம் பட்டா நிலத்தோடு இருந்தால் நான் மூன்றாவது வழியைத்தான் சொல்வேன், ஒரு நிபந்தனையோடு. கையில் இருக்கிற பணத்தை முதலில் வரத்துக் கால்வாய்க்கும் அதன் வாயில் உள்ள மணல் மேட்டுக்கும் செலவிட வேண்டும். அங்கிருக்கும் சீமைக் கருவேலத்தை வேரோடு எடுத்து, வாய்க்கு வெளியே கால்வாயை இருபது மீட்டர் நீளத்துக்கு அகலப்படுத்தி ஒரு மணல் குழி விடுங்கள். தண்ணீர் அங்கேயே வேகம் இழந்து மணலைப் போட்டுவிடும், ஆண்டுதோறும் அந்தக் குழியை மட்டும் வாரினால் போதும். களி எப்படியும் உள்ளே வரும், அதைத் தடுக்க முடியாது. அதை வயல்கள் அள்ளிக்கொள்ளட்டும்.

விண்ணப்பத்தைச் சித்திரையிலேயே கொடுத்துவிடுங்கள். புழுதி விதைப்புக்கு ஆவணியில் உழவு தொடங்கிவிட்டால் டிராக்டர் கிடைக்காது, வயலிலும் மண் பரப்ப இடம் இருக்காது. வைகாசியில் குழி பார்த்து மட்டம் எடுத்து, மண் பரிசோதனைக்கும் கொடுத்து, ஆனி, ஆடியில் அள்ளி முடித்தால், குச்சிகளைப் பிடுங்குமுன் பட்டை முழுவதும் மடையை நோக்கிச் சரிகிறதா என்று ட்யூப் லெவலால் இன்னொரு முறை பார்த்துவிடலாம்.